நாற்பது மூட்டை சர்க்கரையும் ஒரு கடிதமும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசன், இசலின் பக்கம் போனால் இந்திய மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கும். அப்படி ஒரு கடையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் தமிழர். தீபாவளி நெருங்குகிறது, சர்க்கரை வேண்டும். அவருக்கு வழக்கமாக அரிசி, பருப்பு, வெல்லம் போடும் மொத்த வியாபாரியிடம் ரேட் கேட்கிறார். கைபேசியில் ஒரு வரிப் பதில் வருகிறது: சர்க்கரை, 50 பவுண்டு மூட்டை, பவுண்டு 60 சென்ட். ஒரு மூட்டை 30 டாலர். கடைக்காரர் போனில் 40 மூட்டை சொல்கிறார். மொத்தம் 2,000 பவுண்டு, 1,200 டாலர்.

இரண்டு நாளில் லாரி வந்து 40 மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறது. கூடவே வந்த பில்லில் சர்க்கரைக்கு நேரே இருப்பது இதுதான்: அளவு 2,000, அலகு `KG`, விலை 1.32, தொகை 2,640 டாலர்.

விலை இரண்டு மடங்குக்கு மேல். கடைக்காரர் முதலில் நினைப்பது, சர்க்கரை ஒரேயடியாக ஏறிவிட்டதா, அல்லது இந்த ஆள் ஏமாற்றுகிறாரா என்பதுதான். இரண்டும் இல்லை. இந்தத் தவறு எப்படி நடந்தது என்பது பில்லிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் மொத்த வியாபாரிக்கு எழுத வேண்டிய கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். தெரியாவிட்டால் போனில் அரை மணி நேரம் சத்தம் போட்டுவிட்டு, பல வருடப் பழக்கத்தையும் கெடுத்துக்கொண்டு, கடைசியில் பாதிப் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பவுண்டு இன்னும் புழங்குகிறதா என்று நம் ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். இந்தியாவில் 1956இல் நிறை, அளவைச் சட்டம் வந்து, 1960களின் தொடக்கத்தில் ராத்தலும் வீசையும் மணங்கும் சட்டப்படி விடைபெற்றுவிட்டன. இன்று 2009ஆம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டப்படி, கிலோ போன்ற நிர்ணய அலகுகளைத் தவிர வேறெதிலும் விலை சொல்வதே குற்றம். நம்மூர் மொத்த வியாபாரத்தில் சர்க்கரை குவிண்டால் கணக்கில் போகும், 50 கிலோ மூட்டையில் வரும். அமெரிக்கா அப்படியில்லை. அங்கே 1975இல் மெட்ரிக் மாற்றச் சட்டம் ஒன்று வந்தது, ஆனால் அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமுள்ளவர்கள் மாறலாம் என்றது, மளிகைக் கடைக்காரர்களுக்கு அந்த விருப்பம் வரவேயில்லை. அதனால் உள்ளூர்ச் சர்க்கரை இன்றும் 4 பவுண்டுப் பையிலும் 10, 25, 50 பவுண்டு மூட்டைகளிலும்தான் கிடைக்கிறது.

நம் மொத்த வியாபாரியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவருடைய சரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கன்டெய்னரில் வருவது. பருப்பும் வெல்லமும் புளியும் வரும்போது கூடவே வரும் காகிதங்களில் எல்லாமே கிலோவில் இருக்கும். எனவே கணினியில் அவர் புதிதாக ஒரு பொருளைச் சேர்க்கும்போது அலகு என்ற கட்டத்தில் `KG` தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சர்க்கரை மட்டும் அமெரிக்கச் சரக்கு, பவுண்டில் வந்தது. அதைப் பதிவு செய்த ஊழியர் விலையைக் கவனமாகக் கிலோவுக்கு மாற்றினார். ஒரு கிலோ ஏறக்குறைய 2.2 பவுண்டு, எனவே 60 சென்டை 2.2ஆல் பெருக்கி 1.32 என்று போட்டார். அது சரியான கணக்கு. ஆனால் மூட்டையின் அளவு என்ற கட்டத்தில், மூட்டையில் அச்சிட்டிருந்த 50ஐ அப்படியே அடித்துவிட்டார். அது 50 பவுண்டு. கணினிக்கு அது 50 கிலோ. பிறகு யாரோ 40 மூட்டை என்று அடித்ததும், கணினி 40ஐ 50ஆல் பெருக்கி 2,000 கிலோ என்றும், அதை 1.32ஆல் பெருக்கி 2,640 டாலர் என்றும் சொல்லிவிட்டது. கணினி எங்கேயும் தப்பாகப் பெருக்கவில்லை.

அலகு மாறும்போது விலையும் அளவும் எதிரெதிர்த் திசையில் நகர வேண்டும். பவுண்டிலிருந்து கிலோவுக்குப் போனால், ஒரு அலகின் விலை கூடும், அலகுகளின் எண்ணிக்கை அதே விகிதத்தில் குறையும். 60 சென்ட் 1.32 டாலர் ஆகும்போது, 2,000 என்பது சுமார் 907 ஆகியிருக்க வேண்டும். அப்போது பெருக்குத்தொகை அதே 1,200க்குப் பக்கத்திலேயே நிற்கும். இரண்டில் ஒன்று மட்டும் நகர்ந்து மற்றது நின்றுவிட்டால் பில் கெட்டுப்போகும். அலகுத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தப் பாதி மாற்றத்தில் பிறந்தவைதான். முழுக்கப் பவுண்டிலேயே இருந்தாலும் தொல்லை இல்லை, முழுக்கக் கிலோவுக்கே மாறினாலும் தொல்லை இல்லை.

இப்போது பில்லைக் கையில் வைத்திருக்கும் கடைக்காரர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வந்த தொகையை எதிர்பார்த்த தொகையால் வகுத்துப் பார்க்க வேண்டும். 2,640ஐ 1,200ஆல் வகுத்தால் சரியாக 2.2 வருகிறது. நிஜமான விலையேற்றம் இவ்வளவு ஒழுங்கான எண்ணில் வராது. 2.2 என்று வந்தால் விலை மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை. அதற்குத் தலைகீழாக 0.45 என்று வந்தால், அளவு கிலோவுக்கு மாறியிருக்கிறது, விலை பவுண்டிலேயே நின்றுவிட்டது. நம் கணக்கில் அப்படி நடந்திருந்தால் பில் 544 டாலர்தான் வந்திருக்கும்.

இன்னொரு தடயமும் பில்லில் இருக்கிறது, அது எனக்கு இதைவிடப் பிடித்தது. 50 பவுண்டு மூட்டை ஒன்று 22.68 கிலோ. அப்படியானால் 2,000 கிலோ சர்க்கரைக்கு 88 மூட்டையும் இன்னொரு மூட்டையில் கொஞ்சமும் வேண்டும். மூட்டையைக் கிழித்துக் கொஞ்சம் அள்ளிக் கொடுக்கும் மொத்த வியாபாரி உலகத்தில் இல்லை. 50 பவுண்டு மூட்டைகளை எத்தனை அடுக்கினாலும் சரியாக 2,000 கிலோ வராது. பில்லில் உள்ள அளவு, மூட்டையாகப் பிரித்தால் முழு எண்ணாக வரவில்லை என்றாலே அந்த அளவு எடை போட்டு எழுதப்பட்டது அல்ல என்று தெரிந்துவிடும். சரக்கு இறங்கியதும் லாரி ஓட்டுநர் நீட்டும் சீட்டில் வெறும் கையெழுத்துப் போடாமல், '40 மூட்டை, ஒவ்வொன்றும் 50 பவுண்டு' என்று எழுதிக் கையெழுத்திடும் பழக்கம் உள்ள கடைக்காரர் இந்த இடத்தில் நிம்மதியாக இருப்பார்.

2.2 என்ற விகிதம் கண்ணை உறுத்துவதால் உடனே பிடிபடுகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது சின்ன விகிதங்களுக்குத்தான். அமெரிக்காவில் ஒரு டன் என்றால் 2,000 பவுண்டு. மெட்ரிக் டன் என்பது 1,000 கிலோ, அதாவது சுமார் 2,205 பவுண்டு. பழைய ஆங்கில டன் 2,240 பவுண்டு. ஒருவர் ஒரு டன்னையும் இன்னொருவர் வேறு டன்னையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் வித்தியாசம் 10 சதவீதம், 12 சதவீதம், சில சமயம் வெறும் ஒன்றரை சதவீதம்தான். இந்த மாதிரி வித்தியாசம் பில்லில் வந்தால் சந்தை ஏறியிருக்கிறது என்று நினைத்து எல்லோரும் பணத்தைக் கட்டிவிடுவார்கள். அமெரிக்க அந்தர் 100 பவுண்டு, ஆங்கிலேயர் அந்தர் 112 பவுண்டு. இலங்கையில் பழைய வியாபாரிகளுக்குத் தெரிந்தது இரண்டாவது அந்தர். பில் தொகை எதிர்பார்த்ததைவிட 1.10 அல்லது 1.12 மடங்கு என்று வந்தால், சந்தையைத் திட்டும் முன் எந்த டன், எந்த அந்தர் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

சரி, தவறு தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் போதாதா, எதற்குக் கடிதம்? போனில் சொல்வதும் வேண்டும்தான், அது மரியாதை. ஆனால் நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் எழுத்துக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சரக்கு விற்பனை பற்றிய விதிகள் சீரான வணிகச் சட்டத்தொகுப்பின் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன, லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் அந்தப் பகுதியைத் தம் சட்டமாக ஏற்றிருக்கின்றன. அதன்படி 500 டாலரும் அதற்கு மேலும் உள்ள சரக்குக்குச் செய்த வாய்ப்பேச்சு ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லுபடியாக, பொதுவாக, எதிராளி கையெழுத்திட்ட ஏதாவது ஒரு எழுத்து வேண்டும். வணிகர் இருவருக்கு நடுவில் மட்டும் ஒரு சலுகை. ஒருவர் பேசியதை உறுதிப்படுத்தி எழுத்தில் அனுப்பி, அது மற்றவர் கைக்கு வந்து, அவர் 10 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், 'நான் கையெழுத்திடவில்லையே' என்று அவர் பிறகு ஒதுங்க முடியாது. பில்லும் இப்படிப்பட்ட உறுதிப்படுத்தும் எழுத்தாகக் கருதப்பட இடமுண்டு.

10 நாள் பேசாமல் இருந்தால் 1.32 தான் பேசிய விலை என்று ஆகிவிடும் என்பது இதன் பொருள் அல்ல. பேசிய விலை எது என்பதைக் கடைக்காரர் அப்போதும் நிரூபிக்கலாம், கைபேசிச் செய்தி இருக்கிறது, மூட்டைகள் இருக்கின்றன. ஆனால் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, பில் தொகை கேட்டு வரும்போது வாயைத் திறப்பவரின் பேச்சுக்கு மதிப்புக் குறைவு. சரக்கில் குறை கண்டவர் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதே தொகுப்பு வேறோர் இடத்தில் எதிர்பார்க்கிறது. கடிதம் அன்றே, அல்லது மறுநாள் போக வேண்டும். மின்னஞ்சலாகப் போனாலும் போதும்.

நிஜத்தில் அது ஆங்கிலத்தில்தான் போகும். அதன் உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று எங்கள் கடையில் இறக்கிய சர்க்கரைக்கான உங்கள் பில் கிடைத்தது. அதில் 2,000 கிலோ, கிலோ 1.32 டாலர் வீதம், மொத்தம் 2,640 டாலர் என்று இருக்கிறது. அளவில் தவறு நேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம்.

நீங்கள் அனுப்பிய செய்தியில் 50 பவுண்டு மூட்டை, பவுண்டு 60 சென்ட் என்று விலை சொல்லியிருந்தீர்கள். அந்த விலையில் 40 மூட்டை கேட்டிருந்தோம். வந்து இறங்கியதும் 40 மூட்டைகளே. ஒவ்வொரு மூட்டையிலும் நிகர எடை 50 பவுண்டு, 22.68 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. ஆகவே எங்களுக்கு வந்த சரக்கு 2,000 பவுண்டு, 2,000 கிலோ அல்ல. பேசிய விலைப்படி எங்கள் பாக்கி 1,200 டாலர். பில்லில் கூடுதலாக இருப்பது 1,440 டாலர்.

உங்கள் செய்தியின் நகல், ஓட்டுநரிடம் கையெழுத்திட்ட சீட்டின் நகல், மூட்டையின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். பில்லைப் பவுண்டிலேயே திருத்தி அனுப்பவும், அல்லது 1,440 டாலருக்கு வரவுச் சீட்டு அனுப்பவும் வேண்டுகிறோம். 1,200 டாலரை வழக்கமான தவணை நாளில் செலுத்திவிடுவோம். எங்கள் பெயரில் உள்ள ஆர்டர்களில் சர்க்கரையின் அலகைப் பவுண்டு என்று மாற்றிக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.'

இந்தக் கடிதத்தில் கோபம் இல்லை என்பதைவிட, அதில் என்னென்ன வரிசையில் வருகிறது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. பில் சொல்வதை முதலில் அப்படியே எடுத்துச் சொல்கிறது. படிப்பவர் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஊழியராக இருக்கலாம், அவருக்கு சர்க்கரை பற்றி யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது பில் மட்டுமே. அங்கிருந்து தொடங்கினால்தான் அவர் தொடர்ந்து வருவார்.

அடுத்து, கடிதத்தின் பாரம் மூட்டை எண்ணிக்கையின் மீது விழுகிறது. இது வேண்டுமென்றே செய்தது. பவுண்டு, கிலோ என்று மட்டும் வாதாடினால் அது உன் சொல்லுக்கு என் சொல் என்று போய்விடும். மூட்டை அப்படியல்ல. 40 மூட்டை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, ஓட்டுநருக்கும் இல்லை. மூட்டை மேல் அச்சிட்ட எடையை ஆலை போட்டது, கடைக்காரர் போட்டதல்ல. இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பொருளிலிருந்து தொடங்கி, பெருக்கல் மூலம் 1,200க்கு வந்து சேர்வதால் மறுப்பதற்கு இடம் குறைகிறது.

கடிதம் சொல்லாமல் விட்டவற்றையும் கவனிக்க வேண்டும். பில்லில் உள்ள கிலோ விலை தப்பு என்று அது சொல்லவில்லை. ஏனென்றால் அது தப்பு இல்லை, 60 சென்டுக்குச் சரியான கிலோ விலை 1.32 தான். விலையும் தப்பு அளவும் தப்பு என்று எழுதியிருந்தால், ஊழியர் இரண்டையும் 'திருத்தி' அடுத்த பில்லில் புதிதாக ஒரு குழப்பத்தை அனுப்பியிருப்பார். 907 கிலோவை 60 சென்டால் பெருக்கிய பில் அப்படித்தான் பிறக்கும்.

'கிலோவிலேயே திருத்தி அனுப்புங்கள்' என்றும் கடிதம் கேட்கவில்லை. அதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. பவுண்டின் அளவு 1959இல் அமெரிக்காவும் பிரிட்டனும் இன்னும் சில நாடுகளும் செய்த உடன்பாட்டின்படி துல்லியமாக 0.45359237 கிலோ. அந்தக் கணக்கில் 2,000 பவுண்டு 907.18 கிலோ. அதை 1.32ஆல் பெருக்கினால் 1,197.48 டாலர்தான் வரும். இரண்டரை டாலர் குறைகிறது, காரணம் 1.32 என்பது தசமத்துக்குப் பின் வெட்டிய எண். இரண்டரை டாலருக்காக யாரும் சண்டைக்குப் போகப் போவதில்லை. ஆனால் கடைக்காரரின் கணக்கில் 1,200, வியாபாரியின் கணக்கில் 1,197.48 என்று நின்றால், அந்த வித்தியாசம் மாதாமாதம் பாக்கிக் கணக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். விலை எந்த அலகில் பேசப்பட்டதோ அதே அலகில் பில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பணத்தை நிறுத்திவைப்போம் என்ற மிரட்டலும் கடிதத்தில் இல்லை. தகராறு இல்லாத 1,200 டாலரை நாள் தவறாமல் கட்டுவதாகச் சொல்கிறது. எனக்கு இது நல்ல மனத்தைவிட நல்ல கணக்கு என்றே படுகிறது. முழுப் பில்லையும் நிறுத்திவைத்தால், கடனைக் கட்டாதவர் என்ற பெயர் கடைக்காரருக்கு வரும், அலகைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விடும்.

இப்போது கதையைத் திருப்பிப் பார்ப்போம். தவறு கடைக்காரருக்குச் சாதகமாக இருந்தால்? மொத்த வியாபாரி அவசரத்தில் 'கிலோ 60 சென்ட்' என்று செய்தி அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் உடனே 2,000 கிலோ கேட்டுவிட்டு, 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்று அந்த விலையைப் பிடித்துக்கொள்ள முடியுமா?

இதே கேள்வி 1939இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. சரக்கு சர்க்கரை இல்லை, அர்ஜென்டினாவிலிருந்து வந்த முயல் தோல். வாங்க முன்வந்தவர் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஹார்ட்டாக், விற்றவர்கள் லண்டனின் காலின் அண்ட் ஷீல்ட்ஸ். பேச்சு 30,000 தோலுக்கு. அந்த வியாபாரத்தில் வழக்கம், ஒரு தோலுக்கு இவ்வளவு என்று விலை சொல்வது. அவர்கள் இருவருக்குள் முன்பு நடந்த பேச்சும் அப்படியேதான் இருந்தது. ஆனால் கடைசியாக எழுத்தில் போன விலையில், தோலுக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் விற்றவர்கள் பவுண்டுக்கு என்று எழுதிவிட்டார்கள். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய மூன்று தோல் நிற்கும். எனவே விலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஹார்ட்டாக் அதை ஏற்றுக்கொண்டார், சரக்கு வராததால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

நீதிபதி சிங்கிள்டன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். விற்றவர்களின் மனத்தில் இருந்தது தோல் விலை என்பது தோல் வியாபாரத்தில் ஊறிய ஹார்ட்டாக்குக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது, எதிராளி எழுதியது அவருடைய உண்மையான எண்ணமல்ல என்று தெரிந்துகொண்டே அதைப் பிடித்துக்கொள்பவருக்கு ஒப்பந்தம் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் பாடமாக வைக்கிறார்கள். அங்கே எழுத்தைவிட வழக்கம் வலுவாக நின்றது. வியாபாரத்தில் எந்த அலகு புழங்குகிறது, இந்த இருவருக்குள் இதுவரை எந்த அலகில் பேச்சு நடந்தது என்பதை நீதிமன்றம் பார்த்தது. அமெரிக்கத் தொகுப்பும் முந்தைய கொடுக்கல் வாங்கலையும் தொழில் வழக்கத்தையும் ஒப்பந்தத்துக்குப் பொருள் காணப் பயன்படுத்தச் சொல்கிறது. எனவே நம் கடைக்காரர், அமெரிக்க மொத்தச் சந்தையில் 60 சென்ட் என்பது பவுண்டு விலை என்று தெரிந்திருந்தும் கிலோவுக்கு அதைக் கேட்டால், அதிர்ஷ்டத்தைவிட வக்கீல் செலவுதான் அவருக்கு மிஞ்சும். அதே தர்க்கம் அவருடைய சொந்தக் கடிதத்துக்கும் பலம். சென்ற முறைகளிலும் சர்க்கரையைப் பவுண்டில்தான் வாங்கினோம் என்று காட்ட இரண்டு பழைய பில்கள் இருந்தால், அவற்றையும் இணைத்துவிடலாம்.

இன்னொரு நிலையும் உண்டு. கணினி சொன்னதை நம்பிக் கிடங்கில் உண்மையிலேயே 2,000 கிலோவுக்கு ஏற்ற மூட்டைகளை ஏற்றி, 40க்குப் பதில் 88 மூட்டையைக் கடை வாசலில் இறக்கிவிட்டால்? இந்தியாவில் இதற்கு 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் நேரான விடை இருக்கிறது. கேட்டதைவிட அதிகமாக வந்தால், வாங்குபவர் கேட்ட அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறுக்கலாம், முழுவதையும் மறுக்கலாம், அல்லது முழுவதையும் எடுத்துக்கொண்டு பேசிய விலையிலேயே பணம் கட்டலாம். மறுப்பதாக இருந்தால் மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் நடைமுறையில் முக்கியம். அமெரிக்கத் தொகுப்பும் ஏறக்குறைய இதே வழிகளைத் தருகிறது. மீதியை மறுக்கும் கடிதத்தில் எழுத வேண்டியது 'இத்தனை மூட்டை உங்கள் பெயரில் தனியாக அடுக்கியிருக்கிறது, எப்போது எடுத்துக்கொள்வீர்கள்' என்பதுதான். மழை நாளில் வாசலில் கிடந்து இறுகிப்போன சர்க்கரை யார் கணக்கில் என்ற அடுத்த தகராறை அந்த ஒரு வரி தடுக்கும்.

பவுண்டு விலை அமெரிக்க மளிகைக் கடைகளோடு நின்றுவிடுவதும் இல்லை. கச்சாச் சர்க்கரையின் உலக விலை நியூயார்க் சந்தையில் 11ஆம் எண் ஒப்பந்தத்தின் மூலம் தீர்மானமாகிறது, அது பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்றே சொல்லப்படும். ஒரு ஒப்பந்தத்தின் அளவு 112,000 பவுண்டு. இந்த வினோதமான எண், 50 பழைய ஆங்கில டன்னைப் பவுண்டில் எழுதியதால் வந்தது. வெள்ளைச் சர்க்கரையின் விலையோ லண்டனில் 5ஆம் எண் ஒப்பந்தத்தில், மெட்ரிக் டன்னுக்கு இத்தனை டாலர் என்று. நம் ஊர் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் சில நாள் ஒன்று வரும், சில நாள் மற்றது வரும். ஒப்பிட வேண்டுமானால் சென்ட் விலையை 22.046ஆல் பெருக்க வேண்டும். பவுண்டு 20 சென்ட் என்றால் டன் 441 டாலருக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் நியூயார்க் விலையை நம் கிலோ விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், உலகத்தில் சர்க்கரை பாதி விலைக்குக் கிடைக்கிறது, நாம்தான் ஏமாறுகிறோம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கடைக்காரரின் பில்லில் நடந்த அதே பாதி மாற்றம்தான் அது.

கடிதத்துக்குப் பதிலாக வரவுச் சீட்டு வந்ததும் விஷயம் முடிந்துவிட்டதாகக் கடைக்காரர்கள் நினைப்பார்கள். சீட்டில் 1,440 டாலர் என்ற தொகை மட்டும் இருக்கிறதா, அளவும் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொகை மட்டும் இருந்தால், கடைக்காரர் 2,000 கிலோ வாங்கினார் என்ற பதிவு வியாபாரியின் கணினியில் அப்படியே கிடக்கும். வருடக் கடைசியில் சரக்கைச் சரிபார்க்கும்போது அவர் கிடங்கில் சர்க்கரை ஒரு டன்னுக்கு மேல் அதிகமாக இருப்பதாகத் தெரியும், காரணம் தேடுகிறவர்கள் மறுபடி இந்தக் கடைக்கே போன் செய்வார்கள். பொருள் பதிவேட்டில் மூட்டை அளவைத் திருத்தாமல் விட்டால் அடுத்த ஆர்டரிலும் இதே 2.2 வரும். கடைசி வரியில் அலகை மாற்றச் சொல்லிக் கேட்டது அதற்காகத்தான். அது நடந்ததா என்று பார்க்க, அடுத்த முறை ஒரே ஒரு மூட்டை சர்க்கரைக்கு ஆர்டர் கொடுத்து, பில்லில் 30 டாலர் வருகிறதா 66 டாலர் வருகிறதா என்று பார்த்தால் போதும்.